மனைவியின் அண்ணன் மகனுக்கு வேலை: புகாரில் எதை எழுதுவது, எதை விடுவது

கேள்வி: டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தின் கீழ் உள்ள தன்னாட்சி நிறுவனத்தில் பிரிவு அதிகாரியாக இருக்கிறேன். எங்கள் இணை இயக்குநரும் தமிழர்தான். போன மாதம் மூன்று வருட ஒப்பந்த வேலை ஒன்றுக்கு அவர் மனைவியின் அண்ணன் மகனை எடுத்துவிட்டார்கள். நேர்காணல் குழுவில் அவரே உட்கார்ந்திருந்தார். எங்களிடம் ஆறு வருஷம் உழைத்த ஒரு பெண் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. பெயர் போடாமல் விஜிலன்ஸுக்கு எழுதிப் போடலாமா? — வாசகர், ஆர்.கே.புரம்

பெயர் போடாமல் எழுதாதீர்கள். மத்திய விஜிலன்ஸ் கமிஷனின் விதிப்படி, பெயர், முகவரி இல்லாத புகார் மேல்நடவடிக்கை இல்லாமல் கோப்புக்குள் போய்விடும். பொய்ப் பெயரில் எழுதினாலும் இதே கதிதான். உங்கள் பெயர் அலுவலகத்துக்குத் தெரியாமல் புகார் கொடுக்க வேறு வழி இருக்கிறது. அதற்கு முன், குற்றச்சாட்டு என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான புகார்கள் சறுக்குவது அங்கேதான்.

"சொந்தக்காரனுக்கு வேலை கொடுத்தார்" என்று எழுதினால் அது குற்றச்சாட்டு ஆகாது. அதிகாரியின் உறவினர் விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இல் 'குடும்பம்' என்ற சொல்லுக்குக் குறுகிய பொருள்தான். கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், ரத்த உறவோ திருமண உறவோ உள்ளவர்களில் அவரையே முழுக்க நம்பி வாழ்பவர்கள், அவ்வளவே. நமக்கு மனைவியின் அண்ணன் மகன் என்றால் வீட்டுப் பிள்ளை. விதிக்கு அவன் அந்நியன். ஆகவே குடும்பத்தாருக்கு வேலை வாங்கித் தருவதைத் தடுக்கும் 4-ஆம் விதியைத் தூக்கிக்கொண்டு போனால் முதல் பதிலிலேயே உங்கள் புகாரை முடித்துவிடுவார்கள்.

நீங்கள் பிடிக்க வேண்டியது 3-ஆம் விதி. 2014-இல் அதில் சில கடமைகளைச் சேர்த்தார்கள். தகுதியை மட்டுமே வைத்து முடிவெடுக்க வேண்டும். அரசுப் பணியோடு மோதும் சொந்த நலன் இருந்தால் அதை வெளிப்படுத்தி, மோதலைத் தீர்க்க வேண்டும். தனக்கோ குடும்பத்துக்கோ நண்பர்களுக்கோ ஆதாயம் கிடைக்கும்படி பதவியைப் பயன்படுத்தக் கூடாது. இதில் இரண்டாவது கடமைக்கு 'குடும்பம்' என்ற சொல்லே தேவையில்லை. உறவை எழுத்தில் சொல்லாமல் குழுவில் உட்கார்ந்தார் என்பதே நடத்தைக்கேடு. பையன் கெட்டிக்காரனா மக்கா என்ற பேச்சுக்கே போக வேண்டாம். தன்னாட்சி நிறுவனங்களுக்கு இந்த விதிகள் தாமாகப் பொருந்தாது. உங்கள் நிறுவனத்தின் துணைவிதிகள் இவற்றை ஏற்றிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஏற்றிருக்கும்.

"என் உறவினர் முறை வந்தபோது நான் வெளியே போய்விட்டேன்" என்று அவர் சொல்லக்கூடும். அதற்கு உச்ச நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1969-இல் கிரைபக் வழக்கில், ஜம்மு காஷ்மீரின் வனத்துறை உயர் அதிகாரி ஒருவர் தேர்வுக் குழுவிலும் இருந்தார், வேட்பாளராகவும் இருந்தார். தன் பெயர் வந்தபோது எழுந்து போனார். மற்றவர்களை எடைபோட்டபோது இருந்தாரே என்று சொல்லி அந்தத் தேர்வை நீதிமன்றம் ரத்து செய்தது. 1985-இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். அரசியலமைப்பு உருவாக்கிய பணியாளர் தேர்வாணையமாக இருந்தால் உறுப்பினர் தன் உறவினரின் நேர்காணலில் மட்டும் விலகி நின்றால் போதும். சாதாரணத் தேர்வுக் குழுவில் அது போதாது, முழுத் தேர்விலிருந்தும் விலக வேண்டும். உங்கள் நிறுவனத்தின் குழு இரண்டாவது வகை.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். நான் விசாரணைப் பிரிவில் இருந்த காலத்தில் பார்த்த ஒரு கோப்பைச் சொல்கிறேன், அலுவலகம் எது என்பது வேண்டாம். எழுத்துத் தேர்வுக்கு 60, நேர்காணலுக்கு 40. அதிகாரியின் உறவினர் எழுத்தில் 34, நேர்காணலில் 37. அடுத்து வந்தவர் எழுத்தில் 49, நேர்காணலில் 19. மொத்தம் 71-க்கு 68. முதலில் வந்த புகார் இந்த மதிப்பெண்களையே நம்பி நான்கு பக்கம் பொரிந்து தள்ளியிருந்தது. பணம் கைமாறியது, பையனுக்கு ஒன்றும் தெரியாது, அதிகாரி எப்போதுமே இப்படித்தான் என்றெல்லாம் இருந்தது. பதில் ஒரே வரியில் வந்தது: நேர்காணல் மதிப்பெண் குழுவின் கூட்டு மதிப்பீடு. புகார் மூடப்பட்டது.

எட்டு மாதம் கழித்து இரண்டாவது புகார் வந்தது, ஒன்றரைப் பக்கம்தான். அதில் மதிப்பெண் கடைசி வரியில் இருந்தது. மற்றதெல்லாம் தேதிகள். 4-ஆம் தேதி விளம்பரம், அனுபவம் ஐந்து வருடம் கேட்டார்கள். 19-ஆம் தேதி திருத்த அறிவிப்பு, அனுபவம் இரண்டு வருடமாகக் குறைந்தது. அந்தத் திருத்தத்துக்கான குறிப்பைத் தொடங்கியவர் அதே அதிகாரி. கோப்பு எண்ணும் பக்க எண்ணும் கொடுத்திருந்தார்கள். 20-ஆம் தேதி உறவினரின் விண்ணப்பம், அனுபவம் இரண்டு வருடம் மூன்று மாதம். நேர்காணல் அன்று குழுவினர் கையெழுத்திட வேண்டிய 'வேட்பாளர்களில் உறவினர் யாரும் இல்லை' என்ற படிவம் கோப்பில் இல்லை. இந்த நான்கையும் மறுக்க அவருக்கு வழியே இருக்கவில்லை, எல்லாம் அவர் அலுவலகத்துத் தாளிலேயே இருந்தன. குற்றப்பத்திரிகை போனது, கடைசியில் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. பையனின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இதற்குப் போய் இவ்வளவு பாடா என்று நீங்கள் நினைக்கலாம், பெரும்பாலும் கிடைப்பது இவ்வளவுதான்.

உங்கள் கோப்பிலும் இதே வரிசையில் தேடுங்கள். விளம்பரம், திருத்தம், தகுதிப் பட்டியல், முடிவு ஆகியவை நிறுவன இணையதளத்தில் இருக்கும்போதே தேதி தெரியும்படி சேமித்து வையுங்கள், இவை காணாமல் போகும். ஆனால் குறிப்புத் தாளைப் படம் பிடித்து வெளியே கொண்டு போகாதீர்கள். அனுமதியில்லாமல் அலுவலகத் தகவலைப் பகிர்வது 11-ஆம் விதிப்படி உங்கள் மேலேயே திரும்பும். எந்தக் கோப்பில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதினால் போதும், வரவழைத்துப் பார்ப்பது விசாரிப்பவர் வேலை.

தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களே மனுப் போடுவதும் வேண்டாம். உங்கள் பெயரில் மனு போய், ஒரு மாதத்தில் அதே விஷயத்தில் புகாரும் வந்தால் யார் என்று கண்டுபிடிக்க ஜோசியர் தேவையில்லை. இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட அந்தப் பெண் கேட்டால் யாருக்கும் உறுத்தாது, வேட்பாளர் கேட்பது இயல்புதானே. rtionline.gov.in-இல் உங்கள் நிறுவனம் இருந்தால் அங்கேயே போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். தன் மதிப்பெண்கள், திருத்த அறிவிப்புக்கு ஒப்புதல் தந்த குறிப்பு, குழுவினர் கொடுத்த உறவின்மைச் சான்றுகள் ஆகியவற்றை அவர் கேட்கட்டும். நேர்காணல் எடுத்தவர்களின் பெயரைக் கேட்டால் மறுப்பார்கள், 2012-இல் உச்ச நீதிமன்றமே அதற்கு விலக்கு தந்திருக்கிறது. சான்று கொடுக்கப்பட்டதா இல்லையா என்பது பெயரை மறைத்துக் கொடுத்தாலும் தெரியும்.

உறவை எப்படி நிரூபிப்பது? கல்யாணப் பத்திரிகை என்று உங்களுக்கு உடனே தோன்றியிருக்கும். அந்தப் பையனின் அக்கா கல்யாணத்துக்கு வந்த பத்திரிகையில் 'அத்தை, மாமா' என்ற வரிசையில் இணை இயக்குநர் தம்பதியின் பெயர் அச்சாகியிருக்கும். நல்ல ஆதாரம்தான். ஆனால் உங்கள் ஆபீஸில் எத்தனை பேருக்கு அந்தப் பத்திரிகை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். நாலு பேர் என்றால் அதை இணைப்பதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றே. உறவை ஒரு வாக்கியத்தில் சொல்லி, "அவரிடம் எழுத்துமூலம் கேட்டு உறுதிசெய்யலாம்" என்று முடித்துவிடுங்கள். ஆம் என்றால் உறவை மறைத்தது வெளிப்படும், இல்லை என்று எழுதினால் பொய்யும் சேர்ந்துகொள்ளும்.

இனி அனுப்பும் வழி. 2004-இல் வந்த பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் மத்திய விஜிலன்ஸ் கமிஷனுக்கு எழுதினால் உங்கள் அடையாளத்தை அவர்கள் காப்பார்கள். ஒட்டிய உறையின் மேல் `Complaint under the Public Interest Disclosure` என்று எழுதி, கமிஷன் செயலர் பெயருக்கு, சதர்க்தா பவன், ஐ.என்.ஏ. முகவரிக்கு அனுப்ப வேண்டும். உறையின் மேல் அனுப்புநர் பெயர் இருக்கக் கூடாது. உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் உள்ளே கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் வரட்டும். நடுப்பகுதியில் "என் பிரிவில்", "நான் தட்டச்சு செய்த குறிப்பில்" போன்ற சொற்கள் தப்பித் தவறியும் நுழையக் கூடாது, ஏனென்றால் அந்தப் பகுதிதான் நிறுவனத்துக்குப் போகும். நகலை அமைச்சருக்கும் இயக்குநருக்கும் அனுப்பினால் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது. எம்.பி. ஒருவரிடம் கடிதம் வாங்கி இணைக்கலாம் என்று தமிழ்ச் சங்கத்தில் யாராவது யோசனை சொல்வார்கள். உங்கள் பணி விஷயத்தில் வெளிச் செல்வாக்கைத் தேடியதாக அதை 20-ஆம் விதியில் கொண்டு வந்து நிறுத்த முடியும், வேண்டாம்.

புகாரை எழுதியது நீங்கள்தானா, வேறு எங்கும் அனுப்பவில்லையா என்று கேட்டு கமிஷனிலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அதற்கு 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். வீட்டு முகவரியைக் கொடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். இந்த வழி சொந்தக் குறைகளுக்கு இல்லை. உங்கள் பதவி உயர்வு பற்றிய வருத்தத்தை ஒரு வரிகூட இதில் கலக்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். விஜிலன்ஸ் விசாரணை அதிகாரியைப் பற்றியது, அவருக்கு அந்த வேலையை அது வாங்கித் தராது. தேர்வை எதிர்த்து அவரேதான் போக வேண்டும். உங்கள் நிறுவனம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் வரம்பில் அறிவிக்கப்பட்டிருந்தால் அங்கே, இல்லாவிட்டால் டெல்லி உயர் நீதிமன்றத்தில். தீர்ப்பாயத்தில் காலக்கெடு ஒரு வருடம். விஜிலன்ஸ் பதிலுக்காகக் காத்திருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.