பந்தலுக்கும் வீட்டுக்கும் நடுவே

வணக்கம். நானும் என் துணைவரும் அடுத்த மாதம் ஒரே வீட்டுக்குக் குடிபோகிறோம். "எங்களுக்கு அங்கே ஒத்துப்போகுமா?" என்று கேட்டு மூன்று டாரோ சீட்டு எடுத்தேன். ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ், டூ ஆஃப் பென்டக்கிள்ஸ், டென் ஆஃப் கப்ஸ். முதலும் கடைசியும் இவ்வளவு நன்றாக இருக்கும்போது நடுச்சீட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு முன்னால் ஓரச்சீட்டுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பது 1909-இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர்-வெய்ட் சீட்டுக்கட்டு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஃபோர் ஆஃப் வாண்ட்ஸில் நான்கு கழி நட்டு, மேலே பூமாலை கட்டியிருக்கிறது. சுவரும் இல்லை, கூரையும் இல்லை, வெறும் பந்தல். இரண்டு பேர் பூங்கொத்தைத் தூக்கிக்காட்டி நம்மைப் பார்த்து நிற்கிறார்கள், வீடோ அவர்கள் முதுகுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. டென் ஆஃப் கப்ஸில் எல்லாம் திரும்பிவிடுகிறது: கணவனும் மனைவியும் நமக்கு முதுகு காட்டி, ஒருவரை ஒருவர் அணைத்தபடி, வானவில்லையும் அதன் கீழே தூரத்தில் இருக்கும் சின்ன வீட்டையும் பார்த்து நிற்கிறார்கள். பக்கத்தில் ஆடும் இரண்டு குழந்தைகள் வானவில்லைக் கவனிக்கவே இல்லை. எனக்கு இந்தச் சீட்டில் மிகவும் பிடித்த இடம் அதுதான், ஏனென்றால் சந்தோஷம் பழகிப்போன வீட்டில்தான் பிள்ளைகள் அப்படி இருக்கும்.

அதனால் முதல் சீட்டை நான் குடிபுகும் நாளாக வாசிப்பேன். எல்லோரும் வந்து வாழ்த்துகிற நாள், அது நிச்சயம் உண்டு. கடைசிச் சீட்டு, யாரும் பார்க்காதபோதும் அந்த வீடு உங்கள் வீடாக இருப்பது. இரண்டையும் ஒரே "நல்ல சீட்டு" என்று சேர்த்துவிட்டால் வாசிப்பில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

சரி, நடுவில் இருப்பவனுக்கு வருவோம். இரண்டு காசை ஒரே சுருள் நாடாவுக்குள் போட்டுத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறான், பின்னால் கப்பல்கள் அலையில் ஏறி இறங்குகின்றன. இது கெட்ட சீட்டே இல்லை, அவன் எதையும் கீழே போடவில்லை. ஆனால் காசு இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. முன்பு ஒரு தோழிக்கு இதே வரிசை வந்தபோது நானும் நடுவை அவசரமாகத் தாண்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது அவளுடைய துணிப்பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் ஒட்டிய டேப்போடு அப்படியே இருந்தன, அலமாரி முழுக்க அவள் துணைவருடையது. சண்டை எதுவும் இல்லை, அவளுக்கு இடம் வேண்டும் என்று யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

அதனால் உறுதிக்காக மறுபடி சீட்டு எடுக்காதீர்கள். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப எடுத்தால் எது பதில் என்றே தெரியாமல் போய்விடும். வாடகையில் யாருக்கு எவ்வளவு, எந்த அலமாரி யாருக்கு, இரண்டு வீட்டிலும் இருக்கும் ஒரே மாதிரிப் பொருட்களில் எது தங்கும் என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். குடிபோய் இரண்டு மாதம் ஆன பிறகு, "இந்த வீட்டில் எனக்கு இன்னும் எது என்னுடையதாகவில்லை?" என்று கேட்டு ஒரே ஒரு சீட்டு எடுங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.