பாராட்டு வருகிறது, விசாரணை வருவதில்லை: பேக்கிங் இயந்திரக் கேஸ் ஸ்டடியில் எந்த எண்ணை எழுதுவது?

கேள்வி: நாங்கள் பேக்கிங் இயந்திரங்களை விற்றுப் பொருத்தித் தருகிறோம். ஒரு தொழிற்சாலையில் பழைய கப் ஃபில்லரை எடுத்துவிட்டு மல்டிஹெட் வெய்யருடன் கூடிய இயந்திரத்தைப் பொருத்தினோம். அதைப் பற்றி லிங்க்ட்இன்னில் "வேகம் இரு மடங்கு, வீணாவது பெருமளவு குறைந்தது" என்று எழுதினேன். வாழ்த்துகள் வந்தன, தொழிற்சாலை உரிமையாளர் ஒருவர்கூட விசாரிக்கவில்லை. பழைய இயந்திரத்தையும் கழற்றிவிட்டார்கள். இனி என்ன எழுதலாம்?

பதில்: உங்கள் பதிவில் உள்ள இரண்டு கூற்றுகளும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றைப் படிக்கும் உரிமையாளரால் தம் தொழிற்சாலையை அவற்றில் பொருத்திப் பார்க்க முடியாது. அவருடைய வரிசையில் வேகம் குறைவதற்குக் காரணம் பேக்கிங் இயந்திரமாக இல்லாமலும் போகலாம். அதற்கு முந்தைய கலவைப் பகுதியாக இருக்கலாம். "வீணாவது" என்ற சொல்லும் அப்படித்தான். தரையில் சிந்துவது, கிழிந்த பாக்கெட், பாக்கெட்டுக்குள் கூடுதலாகப் போகும் எடை ஆகிய மூன்றையும் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. இவற்றில் உங்கள் இயந்திரம் உறுதியாகக் குறைப்பது மூன்றாவதை மட்டுமே. ஆகவே பதிவை அந்த ஒரே எண்ணின் மேல் கட்டுங்கள். ஒரு பதிவுக்கு 3,000 எழுத்துக்குறிகள்தாம் வரம்பு என்பதால், ஒரு கணக்கை முழுமையாகக் காட்ட மட்டுமே அதில் இடம் இருக்கிறது.

முன்பு இதே போன்ற ஒரு பதிவைத் திருத்திக் கொடுத்தேன். இடங்களையும் பெயர்களையும் விட்டுவிட்டு அதன் கணக்கை மட்டும் சொல்கிறேன். அங்கே குருணை வடிவப் பொருளை 500 கிராம் பாக்கெட்டுகளாக, நாளொன்றுக்கு 12,000 எண்ணிக்கையில் நிரப்பினார்கள். பழைய கப் ஃபில்லர் எடை போடுவதில்லை. குறிப்பிட்ட கொள்ளளவை அளந்து கொட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். ஹாப்பரில் பொருளின் மட்டம் இறங்கும்போதும், தூள் சற்று அதிகமாகக் கலந்து வரும்போதும் அதே கொள்ளளவின் எடை மாறிவிடும். எடை குறைந்தால் திட்டு விழும், கூடினால் யாரும் கேட்கப்போவதில்லை என்பதால், மட்டம் இறங்கத் தொடங்கியதுமே அங்கிருந்த ஆபரேட்டர் கப்பின் கைச்சக்கரத்தைக் கால் சுற்று கூட்டி வைப்பார். ஹாப்பரை மீண்டும் நிரப்பிய பிறகு அந்தக் கால் சுற்றைக் குறைக்க அவருக்குப் பல முறை நினைவிருக்காது. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இயந்திரத்தில் அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

அவர்களும் உங்களைப் போலவே பழைய இயந்திரத்தைக் கழற்றிய பிறகுதான் என்னிடம் வந்தார்கள். அப்போதும் கணக்கு முழுவதுமாகத் தொலைந்திருக்கவில்லை. எந்தத் தொழிற்சாலையிலும் இரண்டு பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, பேக்கிங் பகுதிக்கு எத்தனை கிலோ பொருள் கொடுக்கப்பட்டது என்று கிடங்கில் எழுதுவது. மற்றொன்று, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினர் மணிக்கொரு முறை சில பாக்கெட்டுகளை எடை போட்டு எழுதும் தாள். கிடங்குப் பதிவேட்டின்படி ஒரு நாளைக்குச் சராசரியாக 6,150 கிலோ பேக்கிங்குக்குப் போயிருந்தது. 12,000 பாக்கெட்டுகளில் அச்சிட்டிருந்த எடையின்படி வெளியே போனது 6,000 கிலோ. நிறுவனத்தின் முதல் வரைவு, இடையில் இருந்த இந்த 150 கிலோவையும் "நாங்கள் மிச்சப்படுத்தியது" என்று எழுதியிருந்தது. தரக்கட்டுப்பாட்டுத் தாள்களோ பாக்கெட்டின் சராசரி நிகர எடை 509 கிராம் என்று காட்டின. 9 கிராமை 12,000 ஆல் பெருக்கினால் 108 கிலோ வரும். மீதி 42 கிலோ சிந்தலும் கிழிசலும்.

புதிய இயந்திரம் அந்த 108 கிலோவையும் பூஜ்யம் ஆக்கிவிடாது. மல்டிஹெட் வெய்யரில் 14 தலைகள் இருந்தால், ஒவ்வொன்றும் சிறு அளவை எடை போட்டு வைத்திருக்க, அவற்றில் எவற்றைச் சேர்த்தால் இலக்குக்கு மிக நெருக்கமாக வரும் என்று கட்டுப்பாட்டுக் கருவி தேர்ந்தெடுக்கும். 14 தலைகளுக்கு மொத்தம் 16,383 சேர்க்கைகள் உண்டு. அதனால்தான் ஏற்றத்தாழ்வு இவ்வளவு சிறுத்துவிடுகிறது. பழைய இயந்திரத்தில் திட்ட விலக்கம் 4.5 கிராம், புதியதில் 1.2 கிராம். பாக்கெட்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு 500 கிராமுக்குக் கீழே போகாமல் இருக்க, சராசரியை 500 கிராமுக்கு மேலே இரண்டு திட்ட விலக்கம் தூக்கி வைக்க வேண்டும். பழையதில் அது 9 கிராம். புதியதில் சுமார் 2.5 கிராம். எனவே உண்மையான மிச்சம் பாக்கெட்டுக்கு 6.5 கிராம், நாளொன்றுக்கு 78 கிலோ. 150 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 78 சிறியதாகத் தோன்றும். ஆனால் அனுபவமுள்ள உரிமையாளர் 150ஐ நம்பமாட்டார். 78ஐப் படித்ததும் தம் பொருளின் கிலோ அடக்கவிலையால் மனத்துக்குள் பெருக்கிப் பார்ப்பார். அந்தப் பெருக்கலை அவரிடமே விட்டுவிடுங்கள். பணமாக மாற்றி நீங்கள் எழுதினால், அவருடைய பொருளின் விலை வேறு என்பதே பதிவை ஒதுக்கிவைக்கப் போதுமான காரணமாகிவிடும்.

இனி வேகம். அங்கே இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் நிமிடத்துக்கு 60 பாக்கெட் என்று இருந்தது. ஓட்டிய முதல் வாரத்திலேயே நூற்றுக்கு நான்கு பாக்கெட் கசிந்தது. பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அழுத்திப் பார்த்தபோது அடிச் சீலின் ஒரே இடத்திலிருந்து குமிழி வந்தது. அந்தச் சீலைப் பிரித்தபோது நடுவே இரண்டு மூன்று குருணைகள் நசுங்கிக் கிடந்தன. கொட்டப்பட்ட பொருளின் வால் பகுதி முழுவதும் இறங்கி முடிவதற்குள் சீலிங் ஜா மூடிக்கொண்டதுதான் காரணம். வெப்பநிலையைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது; கூட்டினால் ஃபிலிம் சுருங்கும், குருணை அங்கேயே இருக்கும். வெய்யர் கொட்டும் நேரத்துக்கும் ஜா மூடும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத் திருத்தி, வேகத்தை 52 ஆகக் குறைத்த பிறகு, கசிந்து ஒதுக்கப்படும் பாக்கெட் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலே என்ற அளவில் நின்றது. ரோல் மாற்றுவது, அடைப்பு எடுப்பது எல்லாம் சேர்த்து 450 நிமிட ஷிஃப்டில் 70 நிமிடம் இயந்திரம் நின்றது. ஆக ஒரு ஷிஃப்டில் சுமார் 19,500 நல்ல பாக்கெட், அதாவது நிமிடத்துக்கு 43. பழையது நின்ற நேரத்தையும் சேர்த்து நிமிடத்துக்கு 22 தான் கொடுத்தது என்பதால், "இரு மடங்கு" என்பது ஏறக்குறைய உண்மையே.

இருந்தும் அந்தத் தொழிற்சாலையின் நாள் உற்பத்தி 12,000 பாக்கெட்டிலிருந்து ஒன்றுகூட ஏறவில்லை. கலவைப் பகுதியால் அதற்கு மேல் பொருள் கொடுக்க முடியவில்லை. முன்பு ஒரு முழு ஷிஃப்டும் அதற்கு மேல் ஒன்றரை மணி நேர ஓவர்டைமும் பிடித்த வேலை, இப்போது ஐந்து மணி நேரத்துக்குள் முடிகிறது. எழுத வேண்டியது இதைத்தான். "உற்பத்தி இரு மடங்கு" என்று எழுதியிருந்தால் அந்த வாடிக்கையாளரே படித்துச் சிரித்திருப்பார். மிச்சக் கணக்கையும் 19,500 பாக்கெட்டால் பெருக்கக் கூடாது. உண்மையில் விற்கப்படும் பாக்கெட்டுக்குத்தான் 6.5 கிராம் மிஞ்சுகிறது. இயந்திரத்தின் திறனுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. நான் பார்த்த கேஸ் ஸ்டடிகளில் மிகையின் பெரும்பகுதி இந்த ஒரு பெருக்கலில்தான் நுழைகிறது.

கசிந்த பாக்கெட்டையும் 52 என்ற வேகத்தையும் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி உங்கள் விற்பனைப் பிரிவினர் வற்புறுத்துவார்கள். நீக்காதீர்கள். குருணையும் தூளும் கலந்த பொருளை நிரப்பும் எந்த உரிமையாளரும் சீலில் பொருள் சிக்குவதை ஒரு முறையாவது பார்த்திருப்பார். அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்ற இரண்டு வரிகளுக்காகவே அவர் பதிவின் மீதியையும் படிப்பார். தண்ணீருக்குள் அழுத்திய பாக்கெட்டின் படமும், குருணை நசுங்கிய சீலை அருகில் எடுத்த படமும், பளபளக்கும் இயந்திரத்தின் முன் குழுவாக நின்று எடுத்த படத்தைவிட வேலை செய்யும். ஆனால் எடைக் கணக்கும் படங்களும் வாடிக்கையாளரின் உள்விவரங்கள். பாக்கெட்டில் கூடுதல் எடை போனது என்பதைத் தம் பெயரோடு வெளியிட எல்லோரும் சம்மதிக்கமாட்டார்கள். இறுதி வரைவை அப்படியே அனுப்பி எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பொருளின் தன்மை, பாக்கெட் அளவு, நாள் எண்ணிக்கை மூன்றும் போதும்.

லிங்க்ட்இன்னில் முதல் சில வரிகளுக்குப் பிறகு பதிவு மடங்கிவிடும். நிறுவனத்தின் பெருமிதத்தோடு தொடங்கினால் அந்த இடம் வீணாகும். நான் திருத்திய பதிவு இப்படித் தொடங்கியது: "500 கிராம் பாக்கெட்டில் சராசரியாக 509 கிராம் போய்க்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 12,000 பாக்கெட். அது தரையில் சிந்தவில்லை என்பதால் யாரும் அதை வீண் என்று எழுதி வைக்கவில்லை."

அடுத்து பழைய எடை எப்படித் தெரிந்தது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளரிடம் தரக்கட்டுப்பாட்டுத் தாள் இல்லாமல் கிடங்குப் பதிவேடு மட்டும் இருந்தால், சிந்தலையும் கூடுதல் எடையையும் பிரிக்க வழியில்லை. அப்போது மொத்த வித்தியாசம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று மட்டும் எழுதி, அதில் இரண்டும் அடங்கும் என்று குறிப்பிடுங்கள். அடுத்த வாடிக்கையாளரிடம், பழைய இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஹாப்பர் நிறைந்திருக்கும்போது, பாதியில், தீரும் தறுவாயில் என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் தொடர்ச்சியாக 50 பாக்கெட்டை 0.1 கிராம் காட்டும் தராசில் வைத்து, வெற்றுப் பாக்கெட்டின் எடையைக் கழித்து எழுதினால் போதும். இடையிடையே பொறுக்கி எடுக்கக் கூடாது. ஆபரேட்டர் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

இந்த இயந்திரம் யாருக்குப் பொருந்தாது என்பதையும் எழுதுங்கள். ஒட்டும் தன்மையுள்ள பொருள் வெய்யரின் வாளிகளில் படிந்து, கொட்டிய பிறகும் மிச்சம் நிற்கும். நுண்தூளுக்கு ஆகர் ஃபில்லரே பெரும்பாலும் ஏற்றது. நாளொன்றுக்குச் சில நூறு பாக்கெட் மட்டும் நிரப்புபவருக்கு 6.5 கிராம் என்பது ஓரிரு கிலோவோடு முடிந்துவிடும்.

பதிவின் கடைசியில் "தொடர்புகொள்ளுங்கள்" என்பதற்குப் பதிலாக, தம் வரிசையில் தொடர்ச்சியாக வந்த 50 பாக்கெட்டின் எடைகளையும் நாள் எண்ணிக்கையையும் தனிச்செய்தியில் அனுப்புமாறு கேளுங்கள். சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிட்டு, பாக்கெட்டுக்கு எத்தனை கிராம் குறைக்க முடியும் என்று நீங்கள் பதில் சொல்லலாம். 50 பாக்கெட்டை எடை போட்டு அனுப்பும் உரிமையாளர் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். விற்பனைப் பொறியாளரை முதலில் அனுப்ப வேண்டியது அவர்களிடம்தான்.