சைஸ் சரி, படம் பாதி சாம்பல்: எது கெட்டது?

"தர்மபுரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண போட்டோக்கள் ஒன்றரை டிபியைப் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து புதியதுக்கு காப்பி செய்தேன். எண்ணிக்கை, சைஸ் எல்லாம் சரி. ஆனால் சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பலாக வருகின்றன. எவையெல்லாம் கெட்டவை என்று ஒவ்வொன்றாகத் திறக்காமல் தெரியுமா சார்?"

தெரியும், பழைய டிஸ்க்கை இன்னும் ஃபார்மட் பண்ணாமல் இருந்தால். சைஸை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது உள்ளே எத்தனை பைட் இருக்கிறது என்றுதான் சொல்லும், என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதற்குப் பதில் செக்சம் பாருங்கள். அது ஒரு ஃபைல் முழுவதையும் படித்து ஒரு எண்ணாகச் சுருக்கும். ஒரு பைட் மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும்.

முதலில் புதிய டிஸ்க்கை எஜெக்ட் செய்து மறுபடி செருகுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் மெமரியில் வைத்திருக்கும் நகலையே படித்து, எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். பிறகு கட்டளைகளை அடித்து ஓட்டும் கிட் பேஷ் புரோகிராமை நிறுவி, அதில் இப்படி அடியுங்கள் (பழையது E, புதியது F, இரண்டிலும் ஃபோல்டர் Photos என்று வைத்துக்கொள்வோம்):

```
cd /e/Photos
find . -type f -exec md5sum {} + > ~/old.md5
cd /f/Photos
md5sum -c --quiet ~/old.md5
```

பழைய டிஸ்க்கின் செக்சம் எல்லாம் `old.md5`-இல் சேரும், கடைசி வரி அவற்றைப் புதிய டிஸ்க்கோடு ஒப்பிடும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒரு டிஸ்க்குக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். சரியானவற்றுக்குச் சத்தமே இருக்காது. கெட்டவை மட்டும் `FAILED` என்று வரும். `FAILED open or read` என்றால் ஃபைலே வந்து சேரவில்லை, அல்லது டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை. `Thumbs.db` வந்தால் விட்டுவிடுங்கள். காப்பிக்குப் பிறகு நீங்கள் எடிட் செய்து சேமித்த படமும் இதில் வரும், அது கேடு அல்ல.

பட்டியல் வந்ததும் அவசரப்பட்டு மறுபடி காப்பி போடாதீர்கள். கடைசி வரியை இன்னொரு முறை ஓட்டுங்கள். கிருஷ்ணகிரியில் ஒரு நண்பரின் கம்ப்யூட்டரில் முதல் முறை மூன்று வீடியோ வந்தது. இரண்டாம் முறை அந்த மூன்றும் தேறி, வேறு இரண்டு வந்தன. டிஸ்க்கில் எழுதியது கெட்டிருந்தால் பட்டியல் இப்படி மாறாது. சந்தேகம் ரேம் மேல் போனது. இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றி, `old.md5`-ஐயும் புதிதாக எடுத்து ஓட்டியபோது ஒன்றும் வரவில்லை. அந்த ரேமோடு எத்தனை தடவை காப்பி போட்டாலும் எங்கேயாவது கெட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

இரண்டு முறையும் அதே பெயர்கள் வந்தால் காப்பிதான் கெட்டது. அவற்றை மட்டும் மறுபடி காப்பி செய்து, டிஸ்க்கை எஜெக்ட் செய்து செருகி, திரும்பச் சரிபாருங்கள்.

பட்டியலில் வராத ஒரு படமும் சாம்பலாக இருந்தால் அதைப் பழைய டிஸ்க்கில் திறந்து பாருங்கள். அங்கேயும் சாம்பல் என்றால் அது முன்பே கெட்டது. இரு பக்கமும் ஒன்றா என்பதை மட்டும்தான் செக்சம் சொல்லும். அந்தப் படத்துக்கு, கல்யாண வீட்டாரிடம் கொடுத்த பென்டிரைவைக் கேட்டுப் பாருங்கள்.