“ஒரு கிலோ உரம் போட்டால் 5 கிலோ இலை”: இந்த வாக்கியம் சரியா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் 24 சிறு தேயிலைத் தோட்டங்களில் ஒரு வருடக் கணக்கு வாங்கி ரெக்ரஷன் போட்டேன். இலை = 1900 + 5 × உரம் என்று வந்தது (இரண்டுமே ஏக்கருக்கு, கிலோவில்; உரம் 100 முதல் 400 வரை). சாய்வின் பொருளாக “ஒரு கிலோ உரம் போட்டால் 5 கிலோ பச்சைத் தேயிலை கிடைக்கும்” என்று எழுதினேன். இது சரியா?

பதில்:

பாதி சரி. எண்ணையும் அலகையும் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். தவறு “போட்டால்”, “கிடைக்கும்” என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது.

முதலில் உங்கள் வாக்கியத்தை உங்கள் சமன்பாட்டோடு உரசிப் பாருங்கள். 200 கிலோ உரம் போட்ட தோட்டத்துக்கு உங்கள் வாக்கியப்படி 1,000 கிலோ இலைதான் வரவேண்டும். கோடு சொல்வதோ 2,900. சாய்வு மொத்த மகசூலைப் பற்றிப் பேசுவதில்லை, வித்தியாசத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஆகவே “கூடுதலாக” என்ற சொல் இரண்டு பக்கமும் வேண்டும்: கூடுதலாக ஒரு கிலோ உரம், கூடுதலாக 5 கிலோ இலை. “சராசரியாக” என்பதும் வேண்டும். ஒரே அளவு உரம் போட்ட இரண்டு தோட்டங்கள் ஒரே எடை காட்டியிருக்காது என்பது உங்கள் தாளிலேயே தெரியும்.

அடுத்ததுதான் பெரிய விஷயம். கல்லூரி நாளில் நானும் இதே மாதிரி ஒரு வரி எழுதி, குன்னூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இதுல கவாத்து வெட்டுன தோட்டம் எத்தன?” என்னிடம் பதில் இல்லை.

செடியைக் கவாத்து வெட்டிய வருடம் இலை குறையும். அந்த வருடம் மாமா உரத்தையும் குறைத்துவிடுவார். அதாவது, குறைந்த உரமும் குறைந்த இலையும் ஒரே தோட்டத்தில் சேர்ந்து வருவதற்கு மூன்றாவது ஒரு காரணம் இருக்கிறது. இதைப் பார்க்க நான் கற்பனையாக நான்கு தோட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். கவாத்து வெட்டிய இரண்டில், உரம் 100-க்கு இலை 1,500, 150-க்கு 1,600. வெட்டாத இரண்டில், 300-க்கு 2,900, 350-க்கு 3,000. எந்த ஜோடியை எடுத்தாலும் 50 கிலோ உரத்துக்கு 100 கிலோ இலை கூடுகிறது, சாய்வு 2. நான்கையும் ஒன்றாகப் போட்டுக் கோடு வரைந்தால் சாய்வு 6.7 வருகிறது! இங்கே கணக்கில் பிழை எதுவும் கிடையாது. கோடு நேர்மையாகத்தான் சொல்கிறது: உரம் அதிகம் போட்ட தோட்டங்களில் இலை அதிகம். அதை “நீ உரம் போடு, இலை வரும்” என்று மாற்றிச் சொல்வது நாம்தான்.

உங்கள் 5-லும் இப்படி ஏதாவது கலந்திருக்கலாம். கவாத்து மட்டுமில்லை, கையில் காசு இருப்பவர் உரமும் கூடப் போடுவார், ஆள் வைத்து நேரத்துக்கு இலையும் எடுப்பார். கவாத்து விவரம் கிடைத்தால் (வெட்டியது 1, வெட்டாதது 0) அதையும் சேர்த்துப் பாருங்கள். R-இல் இப்படி:

```
lm(ilai ~ uram)
lm(ilai ~ uram + kavathu)
```

என் நான்கு தோட்டங்களுக்கு இரண்டாவது வரியில் uram-க்கு எதிரே சரியாக 2 வரும். உங்களுக்கு 5 பெரிதாக இறங்கினால் மாமாவின் கேள்வி உங்களுக்கும் பொருந்துகிறது என்று அர்த்தம். அப்போது வாக்கியத்தையும் “கவாத்து நிலை ஒன்றாக உள்ள தோட்டங்களை ஒப்பிட்டால்” என்று தொடங்க வேண்டும். அப்படியே இறங்காமல் நின்றாலும், மற்ற காரணங்கள் தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, இப்போது கையில் உள்ளதை வைத்து நான் எழுதினால் இப்படி எழுதுவேன். ஒரு கிலோ என்பதை யாரும் அப்படி அளந்து யோசிப்பதில்லை, அதனால் 50 கிலோ மூட்டையாக மாற்றிக்கொண்டேன்:

“ஏக்கருக்கு 100 முதல் 400 கிலோ வரை உரம் போட்ட இந்த 24 தோட்டங்களில், ஏக்கருக்கு ஒரு 50 கிலோ மூட்டை உரம் கூடுதலாகப் போட்டவற்றின் வருட மகசூல், சராசரியாக ஏக்கருக்கு 250 கிலோ பச்சைத் தேயிலை கூடுதலாக இருந்தது.”

“இருந்தது” என்று இறந்த காலத்தில் முடித்திருப்பதைக் கவனியுங்கள். நடந்ததை ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான். வேறு வேறு அளவு உரத்தைத் திருவுளச்சீட்டு போட்டு நீங்களே தோட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், “போட்டால் கூடும்” என்று தைரியமாக எழுதியிருக்கலாம்.

அப்புறம் அந்த 1900. உரமே போடாத தோட்டத்தின் மகசூல் என்று அதை எழுதிவிடாதீர்கள். 100 கிலோவுக்குக் கீழே உங்களிடம் ஒரு தோட்டம்கூட இல்லை.