பின்னுக்கான கேஜ் துளையை எந்த அளவில் போடுவது?

கேள்வி: டிராயிங்கில் பின் விட்டம் 12 ±0.1. அடித்தளத்துக்குச் செங்குத்து டாலரன்ஸ் 0.05, பக்கத்தில் வட்டத்துக்குள் எம். கேஜ் துளை எவ்வளவு இருக்கணும்?

துளை 12.15 மி.மீ. வட்டத்துக்குள் எம் குறிப்பது எம்.எம்.சி. பின்னுக்கு எம்.எம்.சி என்றால் உலோகம் அதிகமாக இருக்கும் நிலை, அதாவது மிகத் தடித்த பின்: 12.1. அதே பின் அனுமதித்த அளவு முழுக்கச் சாய்ந்தும் நின்றால், இணையும் பாகத்துக்கு அது இன்னும் தடித்ததாகவே தெரியும். அதனால் கூட்டுகிறோம்:

```
12.10 + 0.05 = 12.15
```

பலர் இங்கே கழித்துவிடுகிறார்கள். கழிப்பது துளைக்கான கணக்கு. பின்னில் அப்படிச் செய்தால் கேஜ் 12.05 ஆகி, நல்ல பாகங்களையே தள்ளிவிடும்.

பின் 11.9 ஆக மெலிந்தால் சாய்வுக்குக் கூடுதலாக 0.2 கிடைக்கும், மொத்தம் 0.25. அப்போதும் கூட்டுத்தொகை 12.15 தான். அளவு மாறாத ஒரே கேஜ் எல்லாப் பின்களுக்கும் போதுமாவது இதனால்தான்.

கேஜின் அடிமுகம் பாகத்தின் அடித்தளத்தில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். துளையின் ஆழம் பின்னின் அதிகபட்ச நீளத்துக்குக் குறையக் கூடாது. ஆழம் குறைந்தால் நுனியின் சாய்வு கேஜுக்குத் தெரியாது. கேஜ் செய்பவருக்கான டாலரன்ஸை 12.15-க்குக் கீழேயே கொடுங்கள், உதாரணமாக 12.145 முதல் 12.150 வரை. எல்லையில் நிற்கும் ஓரிரு நல்ல பாகங்கள் நிராகரிக்கப்படலாம். தவறானது தப்பிப் போவதைவிட அது மேல்.

இந்தக் கேஜ் விட்டத்தைச் சோதிக்காது. 11.8 பின்னும் சுலபமாக நுழையும், 12.12 பின்கூட நேராக நின்றால் நுழைந்துவிடும். விட்டத்தை மைக்ரோமீட்டரில் தனியாகப் பாருங்கள்.