கடன் தவணை சரியா? மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள்

கேள்வி: 5 லட்சம் கடன் வாங்கப் போகிறேன். ஆண்டு வட்டி 12%, 60 மாதத் தவணை. நானே எக்செல்லில் போட்டுப் பார்த்ததில் தவணை 8,547 வந்தது. கடன் தருபவரோ மாதம் 13,333 கட்ட வேண்டும் என்கிறார். யார் கணக்கு சரி?

பதில்: இரண்டுமே நீங்கள் நினைக்கும் கணக்கு இல்லை. சூத்திரம் தெரியாமலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். தவணையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அசலைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் கட்டப்போகும் மொத்த வட்டி. அந்தத் தொகை நம்பும்படி இருக்கிறதா என்பதுதான் சோதனை.

முதலில் உங்கள் எண். 8,547 × 60 = 5,12,820. அசல் போக வட்டி 12,820. மொத்தம் அசலைத் தாண்டிவிட்டது என்பதால் சரியென்று தோன்றும். பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஆனால் 5 லட்சத்துக்கு மாதம் 1% என்றால் முதல் மாத வட்டி மட்டுமே 5,000. ஐந்து ஆண்டுக்கான வட்டி மூன்று மாத வட்டிக்குக்கூடக் காணாது என்றால், கணக்கு எங்கோ இடறியிருக்கிறது. எங்கே என்பதையும் உங்கள் எண்ணே காட்டிக்கொடுக்கிறது. 12 சதவீதத்தை 12ஆல் வகுத்து 1% என்று எடுத்துக்கொண்ட பிறகு, எக்செல்லில் மறுபடியும் 12ஆல் வகுத்திருக்கிறீர்கள். அதாவது ஆண்டுக்கு 1% வட்டிக்கான தவணை அது. சரியான வடிவம்:

```
=PMT(0.12/12, 60, -500000)
```

விடை 11,122.

இதையும் அதே சோதனைக்கு உட்படுத்துவோம். 60 மாதத்துக்கு 6,67,320. வட்டி சுமார் 1,67,300. இது நியாயமா என்று பார்க்க இரண்டு எல்லைகள் போதும். அசல் முழுவதும் ஐந்து ஆண்டும் அப்படியே நிலுவையில் இருந்தால் வட்டி 5 லட்சம் × 12% × 5 = 3 லட்சம். மாதாமாதம் அசல் குறைவதால் வட்டி இந்த அளவுக்குப் போகவே முடியாது. இது மேல் எல்லை. அசல் ஒவ்வொரு மாதமும் ஒரே அளவாகக் குறைந்தால் சராசரி நிலுவை ஏறக்குறையப் பாதி, வட்டியும் ஏறக்குறைய 1.5 லட்சம், இது கீழ் எல்லை. சம தவணையில் ஆரம்ப மாதங்களில் அசல் மெதுவாகவே கரையும். முதல் தவணை 11,122இல் 5,000 வட்டிக்குப் போய்விடும், அசலில் கழிவது 6,122 மட்டுமே. அதனால் உண்மையான வட்டி கீழ் எல்லையைவிடச் சற்று மேலே நிற்கும். 1.67 லட்சம் அப்படித்தான் நிற்கிறது. காலம் நீள நீள அது இன்னும் மேலே நகரும்: இதே கடன் 20 ஆண்டு என்றால் எல்லைகள் 6 லட்சமும் 12 லட்சமும், உண்மை வட்டி சுமார் 8.2 லட்சம்.

இப்போது 13,333. மொத்தம் 8 லட்சம், வட்டி 3 லட்சம், மேல் எல்லையையே தொட்டுவிட்டது. காரணம் தெளிவு: அவர் சொல்லும் 12% 'பிளாட்' வட்டி. நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டக் கட்ட, கட்டி முடித்த பணத்துக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடும் முறை அது. பெருக்கலில் தவறில்லை, ஆனால் குறையும் நிலுவைக்கு வட்டி போடும் கணக்கில் இது ஆண்டுக்கு சுமார் 20.3% ஆகிறது.

இந்தச் சோதனை பெரிய பிழைகளைப் பிடிக்கும், சிறியவற்றை விட்டுவிடும். தவணை 11,300 என்று சொன்னாலும் வட்டி இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் விழும். கட்டணமோ காப்பீட்டுத் தொகையோ அசலோடு சேர்க்கப்பட்டிருந்தால் இப்படிக் கொஞ்சம் கூடுவதுண்டு. அந்த வித்தியாசத்தை மேலே உள்ள சூத்திரம்தான் காட்டும். மாறும் வட்டிக் கடனில் இன்றைய விகிதம் கடைசிவரை நீடித்தால் என்று வைத்துத்தான் எதையும் சொல்ல முடியும்.

கையெழுத்துப் போடும் முன், மாதவாரியாக வட்டியும் அசலும் பிரித்துக் காட்டும் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நிலுவைக்கு 12% என்றால் வட்டி முதல் மாதம் 5,000இல் தொடங்கிக் கடைசி மாதம் 110 அளவில் முடியும். எல்லா மாதமும் 5,000 என்றோ, முதல் மாதமே 8,400க்கு மேல் என்றோ இருந்தால் அது பிளாட் வட்டிதான். வேறொருவர் நிலுவைக்கு 15% என்று சொன்னால் எண்ணைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்: அதன் தவணை 11,895தான், இந்த '12%' கடனைவிட மாதம் 1,438 குறைவு.