காணொளிக்குப் பேச்சுத் தமிழில் எழுதுவது

கேள்வி: திருகோணமலை பற்றிக் காணொளி செய்கிறேன். எழுதி வைத்து வாசித்தால் வானொலிச் செய்தி போல இருக்கிறது. பேசுவது போல எப்படி எழுதுவது?

முதலில் மாற வேண்டியது வாக்கியத்தின் கட்டு. ‘இருக்கிறது’ என்பதை ‘இருக்கு’ என்று ஆக்குவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் விறைப்புப் போவதில்லை.

கன்னியாவை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: “திருகோணமலை நகருக்கு அண்மையில் அமைந்துள்ளதும் இராவணனுடன் தொடர்புபடுத்தப்படும் ஐதீகத்தைக் கொண்டதுமான கன்னியா, அருகருகே காணப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகளால் புகழ்பெற்ற இடமாகும்.” எதைப் பற்றிய பேச்சு என்பதே பாதி வாக்கியம் போன பிறகுதான் தெரிகிறது. தாளில் படிப்பவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை.

அதையே ஊருக்கு வந்த உறவினருக்குச் சொன்னால் இப்படி வரும்: “கன்னியாவில ஏழு கிணறு இருக்கு. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில. ஆனா ஒரு கிணத்துச் சூடு மற்றதில இல்லை. தாய்க்குக் கடமை செய்யத் தண்ணி வேணுமெண்டு இராவணன் ஏழு இடத்தில குத்தினவனாம்.”

பெயர் முதலில் வந்துவிட்டது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்திதான். இரண்டாவது வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை; பேச்சில் அது குறையும் அல்ல. எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் நிற்கும் ‘ஆம்’. ‘ஐதீகத்தின்படி’, ‘நம்பப்படுகிறது’ என்ற சொற்களின் வேலையை அந்த ஓர் ஒட்டு செய்துவிடுகிறது. ஆகவே அதைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தது வரலாறு. அங்கே “இடிச்சவங்களாம்” என்று எழுதினால் நடந்த சம்பவமும் கதையாகிவிடும். “இடிச்சாங்கள்” என்று உறுதியாகவே முடியுங்கள்.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் கலந்துவிடும் வாக்கியங்களையும் கவனியுங்கள். ‘அமைந்துள்ளது’ என்பதை ‘அமைஞ்சிருக்கு’ என்று மாற்றினால் அது இரண்டு தமிழிலும் சேராது. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். அதேபோல, தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய ‘ரொம்பச் சூடு’ என்பதும் வேண்டாம். நம் ஊரில் ‘சரியான சூடு’ தான்.

எழுதத் தொடங்கும் முன், படங்களைப் போட்டுக்கொண்டு, தாள் இல்லாமல் ஒருவருக்குக் கதையைச் சொல்லிக் கைபேசியில் பதியுங்கள். அதைக் கேட்டு எழுதி, விவரங்களைச் சரிபார்த்து, திரும்பச் சொன்னவற்றை வெட்டினால் உங்கள் பிரதி கிடைத்துவிடும். பிறகு உரக்க வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். ஆண்டுகளை ‘ஆயிரத்து அறுநூத்து இருவத்திரண்டு’ என்று சொல்லாகவே எழுதி வையுங்கள். இலக்கத்தைக் கண்டதும் நாக்கு தடுமாறும்.

சம்பந்தர் திருக்கோணமலையைப் பாடிய தேவாரத்தைச் சேர்ப்பதாக இருந்தால் அதில் மட்டும் கைவைக்க வேண்டாம். ஒரு கணம் நிறுத்தி, உள்ளபடியே ஓதிவிட்டு, உங்கள் பேச்சுக்குத் திரும்புங்கள்.